இங்கே இல்லாதவரின் சொற்கள்: தனி உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் நம் கைக்கு வரும்போது

மேல்மலையனூர், வல்லம், ஆலம்பூண்டி, அவலூர்ப்பேட்டை எனச் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் பேருந்தேறும் மாணவர்களிடையே வேலை செய்யும் தோழர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதன்று. "அண்ணா, இதக் கொஞ்சம் பாருங்க, இதுக்கு என்ன பதில் போடறது?" என்று ஒரு வரி வரும். அதன் பின்னே வாட்ஸ்அப் உரையாடல் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டுகள் பத்துப் பன்னிரண்டு வந்து விழும். கேட்பவர் நம்மை நம்பிக் கேட்கிறார். ஆனால் அந்தப் படங்களில் உள்ள சொற்களில் பாதி அவருடையவை அல்ல. அவற்றை எழுதியவர் இங்கே இல்லை. தம் சொற்கள் மூன்றாவது ஒருவரின் கண்ணுக்குப் போயிருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியாது.

கேட்பவருக்கு உதவ வேண்டும். இல்லாதவருக்குத் தீங்கு நேரக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது எப்படி என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம். சாதி கடந்த நட்பும் காதலும் உயிருக்கே உலை வைக்கும் ஒரு நாட்டில் இதை வெறும் நாகரிகம் பற்றிய கேள்வியாகக் கருதிவிட முடியாது. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், உடன் படித்த தோழியோடு திருச்செங்கோடு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவர் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடலாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற தகவல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நமக்கு வேறு சான்று தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட் என்பது அதே தகவல்தான். பெயரும் முகமும் நேரமும் ஒட்டப்பட்ட தகவல்.

பிறர் கடிதத்தைப் படித்துப் பதில் எழுதித் தரும் வேலை நம் சேரிகளுக்குப் புதியதும் அன்று. எழுத்தறிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருந்த காலத்தில், வெளியூர் வேலைக்குப் போனவரிடமிருந்து வந்த கடிதத்தை அவரிடம்தான் கொண்டுபோவார்கள். அவர் படித்துக் காட்டுவார். சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தன் கடிதத்தை வேறொருவர்தான் படித்துக் காட்டுவார் என்பது அனுப்பியவருக்குத் தெரியும். அதற்கேற்பவே அவர் எழுதுவார், அல்லது எழுதாமல் விடுவார். இன்று நள்ளிரவில் தட்டச்சிடுபவருக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அவர் விட்ட இடத்தில் அந்த எச்சரிக்கையைப் படிப்பவர்தான் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது.

படத்தைத் திறப்பதற்கு முன்

முதலில் செய்ய வேண்டியது படங்களை அனுப்ப வேண்டாம் என்று சொல்வது. "என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு. கடைசியா வந்த ஒரு மெசேஜ மட்டும் அப்படியே படிச்சுக் காட்டு" என்று கேட்டால், பெரும்பாலான நேரங்களில் அதுவே போதும். பதில் எழுதுவதற்குத் தேவைப்படுவது கடைசி நாலைந்து வரிகளும், கேட்பவர் அதில் எதை விரும்புகிறார் என்பதும்தான். இரண்டு மாத உரையாடலைப் படித்துவிட்டால் நாம் கூடுதலாகத் தெளிவடைவோம் என்பது ஒரு மயக்கம். எதிரில் உள்ளவரின் வீட்டுச் சண்டை, உடல்நலம், அப்பாவின் கடன் என நமக்குத் தேவையற்ற செய்திகளையே அதிகம் தெரிந்துகொள்வோம்.

வாய்மொழியாகச் சொல்லும்போது இன்னொன்றும் நிகழும். கேட்பவர் தன் வரிகளையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். படத்தைக் காட்டும்போது கண் எதிராளியின் வரிகளுக்கே போகும். தான் எழுதியதைத் தானே உரக்கச் சொல்லும்போது, "நானும் கொஞ்சம் கடுமையாத்தான் கேட்டுட்டேன்" என்று அவருக்கே படுவதுண்டு.

சொற்களை அப்படியே பார்த்தால்தான் புரியும் என்ற நிலையில், அவர் செல்பேசியிலேயே பார்க்கலாம். நம் செல்பேசிக்கு வாங்குவது கடைசி வழி. வாங்குவதானால் மேலே உள்ள பெயரும் முகப்படமும் வெட்டப்பட்டிருக்க வேண்டும். தேவையற்ற வரிகள் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். மறைப்பதிலும் கவனம் வேண்டும். செல்பேசியின் மார்க்கர் கருவிகள் சில முழுமையாக மறைப்பதில்லை. பார்வைக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும். 2023 மார்ச்சில் கூகுள் பிக்ஸல் செல்பேசிகளில் ஒரு குறை வெளிப்பட்டது. அவற்றில் வெட்டிச் சேமித்த ஸ்கிரீன்ஷாட்டின் வெட்டப்பட்ட பகுதியை அந்தக் கோப்பிலிருந்தே ஓரளவு மீட்டெடுக்க முடிந்தது. குறை சரிசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் அனுப்பப்பட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த படங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது. ஆகவே மறைப்பதைவிடத் தேவையான இரண்டு வரிகளை மட்டும் தட்டச்சிட்டு அனுப்பச் சொல்வது எளிது, பாதுகாப்பானதும்கூட.

இதைவிட அன்றாடமான ஆபத்து ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் படம், அமைப்பை மாற்றாதவரை, செல்பேசியின் கேலரியில் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். காப்புப்பிரதி இயங்கிக்கொண்டிருந்தால் கூகுள் ஃபோட்டோஸிலும் ஏறிவிடும். நம் வீடுகளில் செல்பேசி தனிச்சொத்து அன்று. தம்பி விளையாட வாங்குவான், அக்கா திருமணப் படம் பார்க்க வாங்குவார், ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுக்கக் கொடுப்போம். எவர் பெயரோ உள்ள ஓர் உரையாடல் இத்தனை கைகளுக்கும் போகும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே வருவது எவருடைய உரையாடலும் அன்று. விளக்கத்திற்காக நாம் அமைத்தது. உண்மையான ஒன்றை வெளியிட்டால் இக்கட்டுரை சொல்வதையே மீறியதாகும்.

மாணவருக்கு இருபது வயது. செஞ்சிக்கு அருகே ஒரு காலனி. உடன் படிக்கும் மாணவி அதே பகுதியில் ஊர்த்தெருவைச் சேர்ந்தவர், ஆதிக்கச் சாதிக் குடும்பம், அவருக்கும் இருபது. இரண்டு மாதமாக நோட்ஸ், தேர்வு, சினிமா என்று பேசி வந்திருக்கிறார்கள். ஓரிரவு 9:12க்கு மாணவி கேட்கிறார்: "நீங்க ஊர்ல எந்தப் பக்கம்?" மாணவர்: "காலனி. ஏன்?" 9:31க்கு வருகிறது: "சும்மா கேட்டேன்." உடனே மாணவர்: "தெரிஞ்சுடுச்சா? இனிமே பேசுவீங்களா?" 10:50க்கு ஒரேயொரு "ம்". பிறகு மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் பிற்பகல் 2:20க்கு: "கொஞ்ச நாள் மெசேஜ் பண்ணாத. வீட்ல பிரச்சன."

மாணவர் பதிலைத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார், அனுப்பவில்லை: "சாதி தெரிஞ்சதும் விலகுறியா? நேரா சொல்லு." இதை அனுப்பலாமா என்பதுதான் நம்மிடம் வந்த கேள்வி.

படிக்கும் நமக்கு முதலில் எழுவது கோபம். "எந்தப் பக்கம்" என்ற கேள்வியின் உட்பொருள் தெரியாதவர் நம்மில் இல்லை. ஊரா காலனியா என்று அறிவதற்கான நூறு சாமர்த்தியமான கேள்விகளில் அதுவும் ஒன்று. மாணவரின் காயம் மெய்யானது. "நீயே கற்பனை செய்துகொள்கிறாய்" என்று அவரிடம் சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவர் அந்தக் கேள்வியை இப்போதுதான் முதல்முறையாகச் சந்திக்கிறார் என்பதுமில்லை.

ஆனால் காயம் மெய்யானது என்பதிலிருந்து, அந்தப் பெண்ணின் மனம் நமக்குத் தெரிந்துவிட்டது என்பது பெறப்படாது. அந்த "ம்" என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதைவிடப் பொருள் நிறைந்த எழுத்து இல்லை. ஒப்புதல், சலிப்பு, தயக்கம், அழுகை, "அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறார், இப்போது எழுத முடியாது" எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றேதான். நேரில் என்றால் குரல் வேறுபடுத்திக் காட்டும். திரையில் அந்த உதவி இல்லை. 9:33க்குக் கேட்ட கேள்விக்கு 10:50க்குப் பதில் வந்திருக்கிறது. அந்த எழுபத்தேழு நிமிடங்களில் அவர் யோசித்தாரா, பாத்திரம் கழுவினாரா, செல்பேசி அவர் கையிலேயே இல்லையா? படம் சொல்லாது.

கடைசிச் செய்தியில் கவனிக்க வேண்டிய ஒரு குறி உண்டு. இரண்டு மாதமும் "நீங்க" என்று எழுதியவர், திடீரென்று "பண்ணாத" என்று ஒருமைக்கு வந்திருக்கிறார். இது நெருக்கத்தால் வந்த ஒருமையாக இருக்கலாம். காலனி என்று தெரிந்தபின் இறக்கிப் பேசும் ஒருமையாகவும் இருக்கலாம். அந்த ஒருமையை நம் தாத்தாக்கள் தம் பேரன் வயதுப் பிள்ளைகளிடமிருந்து கேட்டிருக்கிறார்கள். அவசரத்தில் தட்டியதாகவும் இருக்கலாம். நான்காவதாக, தட்டச்சிட்டவர் அவராகவே இல்லாமலும் இருக்கலாம். பிடுங்கப்பட்ட செல்பேசியிலிருந்து அண்ணனோ சித்தப்பாவோ எழுதியிருக்கலாம்.

நான்காவது ஐயம் மிகையானது என்று தோன்றினால், 2020 மே மாதத்தில் டெல்லியில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். பள்ளி மாணவர்களின் இன்ஸ்டாகிராம் குழு ஒன்றின் ஸ்கிரீன்ஷாட்டுகள் நாடெங்கும் பரவின. அவற்றோடு சேர்ந்து, ஒரு பெண்ணை வன்கொடுமை செய்யத் திட்டமிடும் ஸ்னாப்சாட் உரையாடல் ஒன்றின் படமும் பரவியது. அதுவும் அதே குழுவில் நடந்தது என்று எல்லோரும் நம்பினர். காவல்துறை விசாரணையில் தெரியவந்தது வேறு. அந்தப் படம் அந்தக் குழுவைச் சேர்ந்ததே அன்று. ஆண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி அத்திட்டத்தை எழுதியவர் ஒரு சிறுமி. எதிரில் உள்ள சிறுவன் என்ன சொல்கிறான் என்று சோதிக்கத் தன்னைப் பற்றியே அப்படி எழுதியிருந்தார். சிறுவன் மறுத்துவிட்டான், அந்த உரையாடலைப் படமெடுத்துத் தன் நண்பர்களுக்கும் அனுப்பி எச்சரித்தான். அங்கிருந்துதான் அது ஊர் முழுவதும் போனது. நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படம்தான் அது. ஆனால் போகும் வழியில் அது யார், யாரிடம், எதற்காகச் சொன்னது என்ற மூன்றும் அதிலிருந்து கழன்றுவிட்டன. அந்தக் குழுவில் பேசப்பட்டவை கண்டிக்கத்தக்கவை என்பது வேறு. இந்தப் படத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே நம் எடுத்துக்காட்டில் நமக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே: அந்த எண்ணிலிருந்து "மெசேஜ் பண்ணாதே" என்று ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. மீதி யாவும் ஊகம். "அவளுக்குச் சாதிப் புத்தி" என்றோ "அவ உன்ன நேசிக்கிறா, வீட்டுக்குப் பயப்படறா" என்றோ நாம் சொல்லிவிட்டால், மாணவர் அதை நம் வாக்காக எடுத்துக்கொண்டு போவார். இரண்டாவது தீர்ப்பு கேட்க இனிமையானது. ஆபத்தில் அது முதலாவதற்குக் குறைந்தது அன்று. அதை நம்பி அவர் மறுபடியும் மறுபடியும் செய்தி அனுப்பினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு காத்திருக்கிறது. ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் அவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது பின்தொடர்தல் என்னும் குற்றம். பெண்களைக் காக்க வந்த நல்ல சட்டம் அது. அதன் காப்பு ஊர்த்தெருப் பெண்ணுக்கும் காலனிப் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே வேண்டும். நம் இளைஞர் ஒருவர் அதை மீறிவிட்டால், அவரை வீழ்த்த வழி தேடும் குடும்பத்திற்கு வேறு ஆயுதம் தேவைப்படாது. இருவரில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோவும் சேரும். அதனால்தான் வயதை நாம் முதலிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

பதிலை எழுதுதல்

இத்தகைய நிலையில் நாம் கைக்கொள்ளும் முறை எளியது. எழுதப்போகும் பதிலை மூவர் படிப்பதாக வைத்துக்கொள்கிறோம். ஒருவர் அந்தப் பெண். இன்னொருவர் அவர் செல்பேசியைக் கையில் வைத்திருக்கும் அண்ணன். மற்றொருவர் நாளை அந்த உரையாடலைப் புரட்டக்கூடிய காவல் ஆய்வாளர். மூவரில் எவர் படித்தாலும் அந்தப் பெண்ணுக்கோ மாணவருக்கோ தீங்கு வரக் கூடாது.

மாணவர் எழுதி வைத்திருந்த "சாதி தெரிஞ்சதும் விலகுறியா?" என்பதை இப்படிப் பார்ப்போம். பெண் அச்சத்தால் எழுதியிருந்தால், அவரால் பதில் சொல்ல முடியாத ஒரு குற்றச்சாட்டு அது. அண்ணன் படித்தால், இருவருக்கும் இடையே நட்பைவிடக் கூடுதலாக ஏதோ இருந்தது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். பெண் உண்மையிலேயே சாதியால் விலகியிருந்தால், அவரிடம் விளக்கம் கோரி நிற்பது மாணவரின் மானத்திற்கே இழுக்கு.

சரி, மென்மையாக எழுதலாமே என்று தோன்றும். "ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்பது பணிவான கேள்விதான்; ஆனாலும் கேள்வி. மெசேஜ் அனுப்பாதே என்பவரிடம் மெசேஜ் கேட்கிறது. "காத்திருக்கேன்" என்பது அண்ணன் கையில் நெருப்பு. "பத்திரமா இருங்க" என்பது அன்பில் வருவது, ஆனால் வீட்டில் எவரேனும் படித்தால், "யாரிடமிருந்து பத்திரம்? இவனிடம் வீட்டைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?" என்று அந்தப் பெண்ணைத்தான் குடைவார்கள். "நோட்ஸ் வேணும்னா கேளுங்க" என்பது தீங்கற்றது; எனினும் கதவை ஒருக்களித்து வைக்கிறது, மாணவர் நாள்தோறும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மிஞ்சுவது இதுதான்: "சரிங்க. இனி நான் மெசேஜ் பண்ணல." அவர் ஒருமைக்கு இறங்கியிருந்தாலும் மாணவர் "ங்க"வை விடவில்லை. பெண் எழுதியிருந்தால் அது மரியாதை. அண்ணன் எழுதியிருந்தால் அவர் பிடித்து இழுக்க அதில் கொம்பு இல்லை. ஆய்வாளர் படித்தால், கேட்டுக்கொண்டவுடன் நிறுத்திவிட்டார் என்பதற்கு நேரத்தோடு கூடிய பதிவு. பதில் போட்டபின் உண்மையாகவே நிறுத்த வேண்டும். தோழி வழியாகத் தூது, ஸ்டேட்டஸில் சோகப்பாட்டு, வேறு எண்ணிலிருந்து வெற்று அழைப்பு எதுவும் கூடாது. தொடர்பு வேண்டுமென்று அவர் முடிவு செய்தால், வகுப்பறை இருக்கிறது, அவருக்கு வாய் இருக்கிறது. மாணவர் கேட்க விரும்பிய கேள்விக்கும் அதுவே இடம்: அவராக வந்து பேசினால், நேரில், ஒருமுறை.

மாணவரின் காயத்திற்கு இந்தப் பதிலில் இடமில்லையே என்று நம் தோழர்கள் கேட்பதுண்டு. இல்லைதான். அதற்கான இடம் நம்மோடு அவர் பேசும் பேச்சு. இரண்டு வரிப் பதிலை எழுதித் தர ஐந்து நிமிடம் போதும். "எந்தப் பக்கம்" என்ற சொல் அவருக்குள் எதையெல்லாம் கிளறியது என்று கேட்க ஒரு மாலை முழுவதும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு வருபவர் பல நேரங்களில் உண்மையில் தேடுவது அந்த மாலையைத்தான் என்பது நம் எண்ணம்.

வசையும் மிரட்டலும் வந்தால்

இனி ஒரு வலுவான மறுப்பு. "ஆதிக்கச் சாதியினரின் அந்தரங்கத்தைக் காப்பது நம் வேலையா? இழிவுபடுத்தியவரை அம்பலப்படுத்துவதுதானே அரசியல்?" இதை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மறைத்து வைக்கப்பட்டதாலேயே நூற்றாண்டுகளாகத் தண்டனை இல்லாமல் போன கொடுமைகள் ஏராளம். ஆனால் பேச்சை நிறுத்துவதும் இழிவுபடுத்துவதும் ஒன்றல்ல. சாதி காரணமாகவே ஒருவர் விலகினார் என்றாலும், அவர் செய்தது கோழைத்தனம் அல்லது அநீதி. நம்மோடு பேசியே தீர வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த எந்த அறமும் நமக்கு இடம் தரவில்லை.

அந்த உரையாடலில் சாதிப் பெயர் சொல்லி வசையோ, "ஊருக்குள்ள கால் வச்சுப் பாரு" என்பது போன்ற மிரட்டலோ வந்திருந்தால் கணக்கு முற்றிலும் மாறுகிறது. அப்போது கேள்வி "என்ன பதில் போடுவது" என்பதன்று. பதில் போடாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது. ஏனெனில் ஆத்திரத்தில் நாம் எழுதும் பதில்வசை எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாகும்.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் இழிவுபடுத்தலும் சாதிப் பெயர் சொல்லி வைதலும் "பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்" நிகழ வேண்டும் என்கின்றன. இருவர் மட்டுமே உள்ள தனி உரையாடலில் வந்த வசைக்கு இப்பிரிவுகளைப் பொருத்துவது கடினம். நான்கு சுவருக்குள் நடந்ததைப் பற்றி 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பார்த்தது. அதே வசை பலர் உள்ள குழுவிலோ எல்லோரும் காணும் பதிவிலோ வந்தால் நிலை வேறு. தனி உரையாடலில் வந்த வசையை நாமே பொதுவெளியில் போட்டால், அதைப் பொதுப்பார்வைக்குக் கொண்டுவந்தவர் நாம் என்று எதிர்த்தரப்பு வழக்குரைஞர் வாதிடுவார். மிரட்டலுக்கோ இந்தத் தடை இல்லை. தனியே வந்த கொலை மிரட்டலும் மிரட்டலே.

சான்றாக வைக்கும்போது முன்பு சொன்னவற்றைத் தலைகீழாக்க வேண்டும். வெட்டக் கூடாது, மறைக்கக் கூடாது, தன் வரிகளை அழிக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் தனித்து வலுவற்றது. பெயரை மாற்றிச் சேமித்து எவர் பேசியதாகவும் ஓர் உரையாடலைப் புனைய முடியும் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியும். ஆகவே படத்தில் பெயர் மட்டுமின்றி எண்ணும் தெரிய வேண்டும். மூல உரையாடல் இருக்கும் செல்பேசியைப் பாதுகாக்க வேண்டும். அதை ரீசெட் செய்வதோ, விற்பதோ, மறையும் செய்தி அமைப்பை இயங்க விடுவதோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கோருகிறது. அதில் ஒரு பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மற்றொரு பகுதியைத் தொழில்நுட்ப வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். வழக்குரைஞர் அதைக் கவனிப்பார். நாம் கவனிக்க வேண்டியது செல்பேசியை.

இந்நிலையிலும் படங்கள் போக வேண்டிய இடங்கள் எண்ணக்கூடியவை: பாதிக்கப்பட்டவர், வழக்குரைஞர், காவல் நிலையம். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. சாதி கடந்த இணையருக்கு ஆபத்து என்றால், 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைக்கச் சொன்ன தனிப்பிரிவை நாடலாம். காவல் கண்காணிப்பாளர், மாவட்டச் சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் அதில் உள்ளனர். செஞ்சிக்காரர்களுக்கு அது விழுப்புரம். தோழர்களின் வாட்ஸ்அப் குழு இந்தப் பட்டியலில் இல்லை. முப்பது பேர் உள்ள குழுவில் போட்ட படம் ஒரு மணி நேரத்தில் ஊருக்குள் இருக்கும். அதில் அந்தப் பெண்ணின் பெயரும் இருந்தால், வசைபாடிய அண்ணனுக்கு முன் வசையைத் தாங்கப்போகிறவர் அவர்தான்.

வேலை முடிந்த பின்

பதில் போனதும் நம் செல்பேசியில் உள்ள படங்களை மாணவரின் முன்னிலையிலேயே நீக்க வேண்டும். உரையாடலிலிருந்து நீக்கும்போது கேலரியிலிருந்தும் நீக்கும்படி தெரிவு செய்ய வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் ஏறியிருந்தால் அங்கும் நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் காப்புப்பிரதியான படம் அங்கே அறுபது நாள் கிடக்கும். மாணவரும் தாம் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை நீக்கலாம். மூல உரையாடலை வைத்துக்கொள்வதா என்பது அவர் முடிவு. சூழல் கொதிநிலையில் இருந்தால் வைத்திருக்கச் சொல்வோம், ஏனெனில் "சரிங்க" என்ற அந்தப் பதில் அதில்தான் இருக்கிறது.

பெயர் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். செஞ்சி சிறிய ஊர். பெயரை வெட்டினாலும் "பஸ்ல முன்னாடி ஏறும்", "அப்பா ரைஸ்மில்" என்ற இரண்டு குறிப்புகளில் ஆள் தெரிந்துவிடும். தெரிந்தபின் அந்தப் பெண்ணைப் பேருந்து நிலையத்தில் பார்த்தால் நாம் வேறு பக்கம் பார்க்கவும் தேவையில்லை, உற்றுப் பார்க்கவும் தேவையில்லை. அவர் நம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில், பெயர் சொல்லாமல் ஒரு "உதாரணமாக"க்கூட இதை எடுத்து வைக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து மாணவரே வந்து "அவங்க இன்னைக்கு கிளாஸ்ல பேசுனாங்க" என்று தொடங்கினால், எதைச் சொல்ல விரும்புகிறாரோ அதை மட்டும் கேட்டுக்கொள்ளலாம்.